ஆண்டுக்கு 1.57 சென்டிமீட்டர்: ஒரு மருந்தும் ஓர் எண்ணும்

உங்கள் கட்டைவிரல் நகத்தின் அகலத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ஒரு மருந்து, ஒரு சிறுவரை ஓர் ஆண்டில் இந்த அளவு கூடுதலாக வளர வைக்கிறது என்றால், அது பெரிய செய்தியா சிறிய செய்தியா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. வளர்கிற வயதில் பிள்ளைகள் எப்படியும் வளர்வார்கள். அதில் இந்த ஒன்றரை சென்டிமீட்டர் மருந்தினால்தான் வந்தது என்று எப்படித் தெரியும்?

அந்த மருந்தின் பெயர் வொசோரிடைட். அகான்ட்ரோபிளேசியா என்ற மரபணு நிலையுடன் பிறந்த சிறுவர்களுக்காக உருவாக்கப்பட்டது. இந்த வாரம் அதன் அறிவியலையும், 1.57 என்ற எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் படிப்படியாகப் பார்ப்போம்.

ஓர் எழுத்து மாறினால்

குள்ளமான உடலுக்குப் பல காரணங்கள் உண்டு. கைகால் எலும்புகள் குட்டையாக இருக்கும் நிலைகளில் அதிகம் காணப்படுவது அகான்ட்ரோபிளேசியா. சுமார் 25,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 33,000 குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒருவர் அல்லது இருவர் இந்த நிலையுடன் பிறப்பார்கள் என்று நீங்களே வகுத்துப் பார்க்கலாம்.

இந்த நிலை உள்ளவர்களுக்கு உடற்பகுதி ஏறக்குறைய வழக்கமான நீளத்தில் இருக்கும். மேற்கையும் தொடையும்தான் மிகவும் குட்டையாக இருக்கும். அறிவாற்றலில் எந்தக் குறையும் இருக்காது. வளர்ந்த ஆண்களின் சராசரி உயரம் சுமார் 131 சென்டிமீட்டர், பெண்களின் சராசரி உயரம் சுமார் 124 சென்டிமீட்டர்.

காரணம் நான்காவது குரோமோசோமில் உள்ள எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணு. 1994ல் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தபோது வியப்பான ஒன்று தெரியவந்தது. அகான்ட்ரோபிளேசியா உள்ள கிட்டத்தட்ட எல்லோரிடமும் அந்த மரபணுவின் ஒரே இடத்தில், ஒரே எழுத்துதான் மாறியிருந்தது. குவானின் இருக்க வேண்டிய இடத்தில் அடினின் இருந்தது. அதனால் அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் 380ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்திற்குப் பதிலாக அர்ஜினின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிளைசின்தான் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. அர்ஜினின் பெரியது, நேர்மின்னூட்டமும் கொண்டது.

ஐந்தில் நான்கு பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை. சராசரி உயரமுள்ள பெற்றோருக்கே, புதிதாக ஏற்பட்ட மாற்றத்தால் இத்தகைய குழந்தை பிறக்கிறது. தாய் கர்ப்பக் காலத்தில் எதைச் சாப்பிட்டார், என்ன செய்தார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

அழுத்திய பிரேக் விடுபடாத சைக்கிள்

நம் கைகால் எலும்புகளின் முனைகளுக்கு அருகில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் பெருகி, வரிசையாக அடுக்கி நின்று, பிறகு பருத்து, கடைசியில் எலும்புக்கு இடம் கொடுக்கின்றன. எலும்பு நீளமாவது இப்படித்தான். இந்த வேலை கட்டுப்பாடின்றி நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு பிரேக் தேவை. எஃப்ஜிஎஃப்ஆர்3 புரதம்தான் அந்த பிரேக். அது உயிரணுவின் சவ்வில் பதிந்திருக்கும். வெளியிலிருந்து சமிக்ஞை வரும்போது மட்டும், உள்ளே 'மெதுவாகப் போ' என்ற செய்தியை அனுப்பும்.

380ஆம் இடத்தில் மாற்றம் உள்ளவர்களிடம் இந்த பிரேக் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. சைக்கிளின் பிரேக்கை அழுத்திவிட்டுக் கையை எடுத்த பிறகும், ரப்பர் கட்டை சக்கரத்தில் உரசிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? சக்கரம் நிற்காது, ஆனால் மெதுவாகவே சுற்றும். அகான்ட்ரோபிளேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'குருத்தெலும்பு உருவாகாமை' என்று பொருள். அந்தப் பெயர் பொருத்தமானதல்ல. குருத்தெலும்பு உருவாகிறது. அது எலும்பாக மாறும் வேகம்தான் குறைகிறது.

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சிறுவர்களிடம் வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இல்லை. பிரேக் உரசும்போது மிதியை இன்னும் வேகமாக மிதிப்பதால் மூலக் காரணம் சரியாகாது.

கம்பியை நடுவில் தளர்த்துவது

நம் உடலில் சிஎன்பி என்ற சிறிய புரதம் இயற்கையாகவே இருக்கிறது. அது அதே வளர்ச்சித் தட்டு உயிரணுக்களின் மேல் உள்ள வேறொரு ஏற்பியில் வந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது உயிரணுவுக்குள் புறப்படும் செய்தி, எஃப்ஜிஎஃப்ஆர்3 அனுப்பும் 'மெதுவாகப் போ' செய்தியை நடுவழியில் மறிக்கிறது. பிரேக் பிடியை அது தொடுவதில்லை. பிடியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியைத் தளர்த்துகிறது. 2004ல் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அகான்ட்ரோபிளேசியா உள்ள எலிகளின் குருத்தெலும்பில் சிஎன்பி அதிகமாகச் சுரக்கும்படி செய்தபோது, அவற்றின் எலும்புகள் கூடுதலாக வளர்ந்தன.

அப்படியானால் சிஎன்பியையே மருந்தாகக் கொடுக்கலாமே? அதில் ஒரு சிக்கல். நம் உடலில் உள்ள ஒரு நொதி சிஎன்பியைச் சில நிமிடங்களிலேயே வெட்டிவிடும். வளர்ச்சித் தட்டில் இரத்தக் குழாய்களும் குறைவு. மருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துவிடும். எனவே சிஎன்பியின் அமைப்பைச் சற்று நீட்டி, 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மூலக்கூறை பயோமரின் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கியது. அந்த நொதியால் இதை எளிதில் வெட்ட முடியாது. இதுதான் வொசோரிடைட். நாளுக்கு ஒரு முறை தோலுக்கடியில் ஊசியாகப் போட வேண்டும்.

நோயின் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறுப் பாதையைக் கண்டறிந்து, அதையே குறிவைத்துச் செய்யப்படும் இத்தகைய மருந்தை 'இலக்கு மருந்து' என்பார்கள். ஆனால் மாறிய அந்த ஓர் எழுத்தை இந்த மருந்து திருத்துவதில்லை. அது வாழ்நாள் முழுவதும் அப்படியேதான் இருக்கும்.

வளர்ச்சி வேகத்தை அளப்பது எப்படி?

இனி எண்ணுக்கு வருவோம். வேகம் என்றால் தூரத்தைக் காலத்தால் வகுப்பது. வளர்ச்சி வேகமும் அப்படித்தான்.

ஆண்டு வளர்ச்சி வேகம் = (இப்போதைய உயரம் − முந்தைய உயரம்) ÷ இடைப்பட்ட நாள்கள் × 365.25

ஒரு கற்பனைக் கணக்கு. ஜனவரி 10ஆம் தேதி ஒரு சிறுமியின் உயரம் 102.3 சென்டிமீட்டர். ஏப்ரல் 11ஆம் தேதி 103.8 சென்டிமீட்டர். இடையில் 91 நாள்கள். வளர்ச்சி 1.5 சென்டிமீட்டர். சூத்திரத்தில் போட்டால் ஆண்டுக்கு 6.02 சென்டிமீட்டர் என்று வரும்.

இப்போது ஏப்ரல் மாத அளவீட்டில் அரை சென்டிமீட்டர் பிழை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். குதிகால் சற்றே உயர்ந்திருக்கலாம், தலைமுடி பலகையைத் தூக்கியிருக்கலாம். உண்மை உயரம் 103.3 என்றால் வளர்ச்சி 1.0 சென்டிமீட்டர்தான். சூத்திரம் இப்போது 4.01 என்கிறது. அளவுகோலில் அரை சென்டிமீட்டர் பிழை, விடையில் இரண்டு சென்டிமீட்டர் பிழையாகிவிட்டது. காரணம், 91 நாள் என்பது ஆண்டின் கால்பகுதி. அதை ஓர் ஆண்டுக்கு மாற்றும்போது வளர்ச்சியும் நான்கு மடங்காகிறது, பிழையும் நான்கு மடங்காகிறது.

நாம் தேடும் விளைவே 1.57 சென்டிமீட்டர்தான். இரண்டு சென்டிமீட்டர் பிழைக்குள் அது காணாமல் போய்விடும். ஓராண்டு இடைவெளியில் அளந்தாலோ, அதே அரை சென்டிமீட்டர் பிழை விடையிலும் அரை சென்டிமீட்டராகவே நிற்கும். அதனால்தான் வளர்ச்சி பற்றிய ஆய்வுகளில் அவசரப்பட முடியாது. நேரமும் முக்கியம். நாள் முழுவதும் நின்று நடந்தால் முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள வட்டுகள் சற்று அமுங்கும். காலையில் இருந்ததைவிட மாலையில் நாம் எல்லோருமே கொஞ்சம் குட்டை. ஒரு முறை மாலையிலும் அடுத்த முறை காலையிலும் அளந்தால், வளராத வளர்ச்சி ஒன்று தாளில் தோன்றிவிடும்.

121 சிறுவர்கள், ஓர் ஆண்டு

இந்த மருந்தின் முக்கியமான சோதனையை வழிநடத்தியவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள மர்டாக் சிறுவர் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த மரபியல் மருத்துவர் பேராசிரியர் ரவி சவரிராயன். தமிழ்க் காதுகளுக்குப் பழக்கமான பெயர். அவரது குழுவின் முடிவுகள் 2020ல் 'லேன்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன.

ஏழு நாடுகளின் 24 மருத்துவமனைகளில், 5 வயது முதல் 17 வயது வரையிலான 121 பேர் பங்கேற்றனர். மருந்து தொடங்குவதற்கு முன்பே குறைந்தது ஆறு மாதம் அவர்களின் உயரம் அளக்கப்பட்டிருந்தது. பிறகு, குலுக்கல் போன்ற முறையில் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 60 பேருக்கு வொசோரிடைட். அளவு, ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு 15 மைக்ரோகிராம். 20 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 300 மைக்ரோகிராம், அதாவது 0.3 மில்லிகிராம். மற்ற 61 பேருக்கு மருந்து எதுவும் இல்லாத, ஆனால் பார்வைக்கு அதே போன்ற ஊசி. இதை மருந்துப்போலி என்கிறோம். யாருக்கு எது என்று சிறுவர்களுக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது, உயரத்தை அளந்தவர்களுக்கும் தெரியாது.

மருந்து இல்லாத ஊசியை ஓராண்டு முழுவதும் தினமும் போடுவது கொடுமையாகத் தோன்றலாம். அது ஏன் தேவைப்பட்டது என்பதை எண்களே சொல்கின்றன.

மருந்து பெற்ற குழு: முன்பு ஆண்டுக்கு 4.26 சென்டிமீட்டர், ஓராண்டுக்குப் பின் 5.61 சென்டிமீட்டர். உயர்வு 1.35.

மருந்துப்போலி பெற்ற குழு: முன்பு 4.06, பின்பு 3.94. சரிவு 0.12.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். மருந்து இல்லாதவர்களின் வேகம் அதே இடத்தில் நிற்கவில்லை, சற்றுக் குறைந்தது. பருவ வயதுக்கு முன்பு, எல்லாப் பிள்ளைகளின் வளர்ச்சி வேகமும் ஆண்டுக்கு ஆண்டு மெல்லக் குறைவது வழக்கம். ஆகவே முதல் குழுவை மட்டும் பார்த்து 'மருந்து 1.35 சென்டிமீட்டர் கூட்டியது' என்றால், மருந்தின் பலனைக் குறைத்துச் சொன்னதாகும். அந்தக் குழுவும் மருந்து இல்லாவிட்டால் கொஞ்சம் சரிந்திருக்கும். சரிவையும் ஈடுகட்டி, அதற்கு மேல்தான் 1.35 உயர்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 1.35 + 0.12 = 1.47.

அப்படியானால் 1.57 எங்கிருந்து வந்தது? குலுக்கலில் பிரித்தாலும் இரு குழுக்களும் வயது, பால், பருவமடைந்த நிலை, தொடக்க வேகம் ஆகியவற்றில் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. இந்தச் சிறு வேறுபாடுகளுக்குப் புள்ளியியல் முறையில் ஈடுசெய்த பிறகு கிடைத்த விடைதான் 1.57. அதனுடன் ஓர் எல்லையும் தரப்பட்டது: 1.22 முதல் 1.93 வரை. 121 பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால், உண்மையான சராசரிப் பலன் இந்த எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள். எல்லையின் அடிப்பகுதிகூட பூஜ்யத்துக்கு வெகு தூரத்தில் இருப்பதால், இது தற்செயலாக வந்த வித்தியாசம் இல்லை என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

ஆண்டு முடிந்ததும் மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் வொசோரிடைட் கொடுக்கப்பட்டது. அவர்களின் வேகமும் அதற்குப் பிறகு உயர்ந்தது.

ஆனால் 1.57 என்பது சராசரி என்பதை மறக்க வேண்டாம். சிலர் அதைவிட அதிகம் வளர்ந்திருப்பார்கள், சிலர் குறைவாக. ஒரு தனிச் சிறுவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த எண் சொல்லாது.

வேகம் கூடினால் இடைவெளி மூடுமா?

பருவ வயதுக்கு முன்பு சராசரிப் பிள்ளைகள் ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். மருந்து பெற்ற குழுவின் 5.61 அதே வரம்பில் இருக்கிறது. உடனே 'அப்படியானால் அவர்கள் சராசரி உயரத்தை எட்டிவிடுவார்கள்' என்று முடிவு செய்யத் தோன்றும். இங்கேதான் வேகத்தையும் தூரத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வடகிழக்கு ரயில் பாதையில் ஒரு ரயில் லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஃபேரர் பார்க் நோக்கிப் புறப்படுகிறது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு ரயில் அதே வேகத்தில் புறப்படுகிறது. இரண்டாவது ரயில் முதல் ரயிலை எப்போது எட்டிப்பிடிக்கும்? ஒருபோதும் பிடிக்காது. வேகம் சமமானால் இடைவெளி மேலும் வளராமல் நிற்கும், அவ்வளவுதான். 5 வயதில் மருந்து தொடங்கும் சிறுவருக்கு, அந்த ஐந்து ஆண்டுகளில் விழுந்த இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். 8 வயதில் 100 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர், ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் வீதம் ஐந்து ஆண்டுகள் வளர்ந்தால் 120 சென்டிமீட்டர் ஆவார். ஆண்டுக்கு 5.57 வீதம் வளர்ந்தால் 127.85 சென்டிமீட்டர். வித்தியாசம் 7.85. மருந்தின் பலன் ஐந்து ஆண்டும் குறையாமல் நீடிக்கும் என்று நாம் அனுமானித்துக்கொண்டதால் வந்த விடை இது. ஓராண்டுச் சோதனை நிரூபித்தது ஓர் ஆண்டைத்தான். மீதியை நீண்டகாலத் தொடர் ஆய்வுகள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கும். கடைசிக் கெடுவும் ஒன்று உண்டு. பருவ வயது முடியும்போது வளர்ச்சித் தட்டுகள் முழுவதும் எலும்பாகி மூடிக்கொள்ளும். அதன் பிறகு தளர்த்துவதற்கு பிரேக்கும் இல்லை, சுற்றுவதற்குச் சக்கரமும் இல்லை. எனவே தட்டுகள் திறந்திருப்பதை எக்ஸ்ரே மூலம் உறுதி செய்கிறார்கள். அமெரிக்காவில் 2021 நவம்பரில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட இந்த மருந்து, 2023ல் அதைவிடச் சிறிய குழந்தைகளுக்கும் அனுமதிக்கப்பட்டது.

எண் சொல்லாதவை

ஊசி போட்ட இடத்தில் சிவத்தல், வீக்கம், அரிப்பு ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். சிஎன்பி வகைப் புரதங்கள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால், ஊசிக்குப் பிறகு சிலருக்கு இரத்த அழுத்தம் சிறிது நேரம் குறையலாம். தலைசுற்றல் வரலாம். அதைத் தவிர்க்க, ஊசிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டிருக்க வேண்டும், 240 முதல் 300 மில்லிலிட்டர் வரை ஏதேனும் பானமும் குடித்திருக்க வேண்டும். இதையெல்லாம் ஆண்டுக்கு 365 நாளும் செய்ய வேண்டும்.

அந்தச் சோதனை அளந்தது முக்கியமாக உயரத்தை. அகான்ட்ரோபிளேசியாவில் உயரம் மட்டுமே கவலை அல்ல. மண்டை ஓட்டின் அடியில் தண்டுவடம் வெளிவரும் துளை குறுகலாக இருப்பது, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, முதுகில் நரம்புகள் அழுந்துவது போன்ற சிக்கல்கள் வரலாம். 5 வயதுக்குப் பிறகு ஓராண்டு உயரத்தை அளந்த சோதனையால் இவற்றுக்கு விடை சொல்ல முடியாது. உடற்பகுதிக்கும் கால்களுக்கும் உள்ள நீள விகிதமும் அந்த ஓராண்டில் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை.

குள்ளமான உடலமைப்பு உள்ளவர்களிலேயே சிலர் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். நாங்கள் நோயாளிகளா, அல்லது மின்தூக்கியின் பொத்தான்களும் கடைகளின் கவுண்ட்டர்களும் எங்களை நினைக்காமல் கட்டப்பட்டவையா? வேறு சிலரோ, சில சென்டிமீட்டர் கூடினால் தலைக்குக் கை எட்டும், தானாகத் தலைவாரிக்கொள்ள முடியும் என்கிறார்கள். இரண்டு தரப்பும் பேசுவது தங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றி. எந்தக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுத்தாலும், அந்த முடிவை எடுக்கும் முன் 1.57 எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்திருப்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒருவரின் உயரத்தைச் சுவரோரம் நிற்க வைத்து அளங்கள். அவரை நகர்ந்துவிட்டு மீண்டும் வந்து நிற்கச் சொல்லி, மொத்தம் ஐந்து முறை அளங்கள். மிகப் பெரிய அளவுக்கும் மிகச் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு? அதை நான்கால் பெருக்குங்கள். மூன்று மாத இடைவெளியில் வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டால் உங்கள் கையால் வரக்கூடிய பிழை ஏறக்குறைய அதுதான். அது 1.57ஐவிடப் பெரியதா?

2. ஒரு விளம்பரம் இப்படிச் சொல்கிறது: 'எங்கள் பானத்தைக் குடித்த 50 மாணவர்கள் ஓராண்டில் சராசரியாக 6 சென்டிமீட்டர் வளர்ந்தார்கள்.' இந்த வாக்கியத்தில் விடுபட்டிருக்கும் எண் எது?

இரண்டாவது கேள்விக்கு விடை: பானம் குடிக்காத, அதே வயதுள்ள 50 மாணவர்கள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பது. அந்த எண்ணும் 6 ஆக இருந்தால், பானத்தின் பலன் பூஜ்யம்.